பன்னிரண்டு பேர் போதும்: வியாபாரிகள் வட்டம் ஒன்றை அமைத்து நடத்தும் முறை

நமது ஊர்களில் வர்த்தகர் சங்கங்களுக்குக் குறைவில்லை. வரிப் பிரச்சினை வந்தால் கூட்டம் கூடும். தலைவர் பேசுவார், செயலாளர் அறிக்கை வாசிப்பார், தேநீர் அருந்திக் கலைந்து செல்வோம். பொதுவான கோரிக்கைகளை அதிகாரிகளிடம் எடுத்துச் செல்ல அத்தகைய சங்கங்கள் தேவைதான். ஆனால் ஒரு வியாபாரியின் சொந்தத் தொழில் சிக்கல் அந்த மண்டபத்தில் பேசப்படுவதில்லை. அதற்கு வேறு விதமான ஒரு சிறிய வட்டம் வேண்டும். அதை அமைப்பது எப்படி என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

இதற்கு நன்கு பதிவான ஓர் உதாரணம் அமெரிக்காவின் பிலடெல்பியா துறைமுக நகரில் உண்டு. 1727ஆம் ஆண்டு, 21 வயதான அச்சகத் தொழிலாளி ஒருவர் தமக்குத் தெரிந்த சிலரைச் சேர்த்து ‘ஜன்டோ’ என்ற வட்டத்தைத் தொடங்கினார். அவர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளின். ஆரம்ப அங்கத்தவர்களில் பத்திரங்களைப் பிரதி எழுதுபவர், கண்ணாடி பொருத்துபவர், சப்பாத்துத் தொழிலாளி, நில அளவையாளர், தச்சர், ஒரு வணிகரின் எழுதுவினைஞர் ஆகியோர் இருந்தனர். வாரம் ஒருமுறை வெள்ளி மாலையில் கூடினார்கள். அந்த வட்டம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

பலன் என்ன? பிராங்க்ளின் சொந்த அச்சகம் தொடங்கியபோது, பத்திரம் எழுதும் நண்பர் அவருக்கு ஒரு பெரிய அச்சு வேலையைப் பெற்றுக் கொடுத்தார். 1730 வாக்கில் அச்சகக் கடனுக்காக வழக்கு வந்தபோது, அங்கத்தவர் இருவர் தனித்தனியே, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், பணம் தர முன்வந்தனர். ஆளுக்குப் பாதியாகப் பெற்று அவர் தொழிலைக் காப்பாற்றினார். வட்டம் அவருக்குக் கடன் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாரந்தோறும் பேசிப் பழகியதில் அவரது உழைப்பையும் நாணயத்தையும் அறிந்துகொண்ட இரண்டு தனி நபர்களே கொடுத்தார்கள்.

யாரைச் சேர்ப்பது?

ஜன்டோ பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கவில்லை. பலர் சேர விரும்பியபோது, ஒவ்வோர் அங்கத்தவரும் தனியாக இன்னொரு வட்டத்தைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படி ஐந்தாறு வட்டங்கள் உருவாயின. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஏழு நிமிடம் பேசினால் எண்பத்து நான்கு நிமிடம். ஒன்றரை மணி நேரத்தில் அனைவருக்கும் வாய்ப்புக் கிடைக்கும். முப்பது பேர் இருந்தால் ஐந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகி விடுவார்கள்.

அடுத்தது, ஒரு தொழிலுக்கு ஒருவர். 1905இல் சிக்காகோவில் ஒரு வழக்கறிஞர், நிலக்கரி வியாபாரி, தையற்காரர், சுரங்கப் பொறியியலாளர் ஆகிய நால்வருடன் ஆரம்பமான றோட்டரிக் கழகம் இந்த விதியைக் கடைப்பிடித்தது. காரணம் எளிது. ஒரே தெருவில் இரண்டு ஹாட்வெயார் கடைக்காரர்கள் ஒரே மேசையில் இருந்தால், எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று இருவருமே வாய் திறக்க மாட்டார்கள். திருகோணமலையில் அமைப்பதானால் ஹாட்வெயார், படகு இயந்திர உதிரிப்பாகம், கருவாடு, ஐஸ், லொறி, ஃபாமசி, புடவை, நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதி, கணக்காளர் ஒருவர் என்று கலந்து சேர்க்கலாம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஓரிருவர் இருந்தால் நகரத்தில் தெரியாத செய்திகளும் வந்து சேரும்.

என்ன கேட்பது?

“வியாபாரம் எப்படி?” என்று கேட்டால் “அல்ஹம்துலில்லாஹ், ஏதோ போகிறது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஜன்டோவில் கூட்டந்தோறும் குறித்த கேள்விகள் வாசிக்கப்பட்டன. அண்மையில் யாருடைய தொழில் நொடிந்தது, காரணம் என்ன? யார் முன்னேறுகிறார், எந்த வழியில்? புதிதாகத் தொழில் தொடங்கிய, கைகொடுக்கத் தகுதியான இளைஞர் யார்? இப்போது உமக்கு இந்த வட்டம் எதில் உதவலாம்? இவை அவற்றுள் சிலவற்றின் கருத்து. நமக்கு மூன்று போதும்: சென்ற கூட்டத்துக்குப் பின் கண்ட மாற்றம் ஒன்று, இப்போதுள்ள சிக்கல் ஒன்று, இங்குள்ளவர்களிடம் தேவைப்படும் உதவி ஒன்று.

மூன்றாவது கேள்விக்கான பதில் தெளிவாக இருக்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். லொறி வைத்திருப்பவர் “டீசல் செலவு தாங்க முடியவில்லை” என்றால் அனைவரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. நடத்துநர் அவரிடம், “எந்த நாள், எங்கே போகிறீர்கள், எதில் நட்டம்?” என்று கேட்க வேண்டும். அப்போது அவர், “செவ்வாயும் வெள்ளியும் புறக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன். போகும்போது லொறி பாதிக்கு மேல் வெறுமை” என்பார். உடனே கருவாட்டு வியாபாரி, “நான் வாரம் எட்டு மூட்டை பஸ்ஸில் அனுப்புகிறேனே” என்பார். இருவரும் ஒரே ஊரில் இருந்தும் இந்த விடயம் அதுவரை வெளிவரவில்லை. கேள்வி சரியாக இருந்ததால் வந்தது. கூலியை அவர்கள் கூட்டத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொள்ளட்டும்.

நடத்துநரின் வேலை

நடத்துநர் பதவி மாதாமாதம் சுழல வேண்டும். அவர் சொற்பொழிவாற்றக் கூடாது. அதிகம் பேசுபவரை நேரம் பார்த்து நிறுத்துவதும், பேசாதவரைப் பெயர் சொல்லி அழைப்பதுமே அவர் வேலை. “ஹாஜியார், நீங்கள் கொழும்பில் காசோலை திரும்பிய விடயத்தை எப்படிக் கையாண்டீர்கள்?” என்று குறிப்பாகக் கேட்டால் அமைதியானவரும் பேசுவார். ஜன்டோவில் ஒருவரின் கருத்தை முகத்துக்கு நேரே மறுத்தால் சிறிய அபராதம் இருந்தது. இது தேவையான விதி. சிக்கலைச் சொன்னவரை “அப்போதே நான் சொன்னேனே” என்று ஒருவர் குத்திக்காட்டினால், அடுத்த கூட்டத்தில் யாருமே சிக்கலைச் சொல்ல மாட்டார்கள். இங்கு கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதையும் முதல் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஒருவரின் பணமுடை கடைத்தெருவுக்குப் போய்விட்டால், மொத்தச் சரக்குக்காரர் மறுநாளே கடனை நிறுத்திவிடுவார்.

ஒரு கொப்பியில் நான்கு கோடு இழுத்து, யார் கேட்டார், என்ன கேட்டார், யார் ஏற்றார், நடந்ததா என்று எழுதுங்கள். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தை வாசித்தே தொடங்க வேண்டும். ஏற்றவர் செய்யாவிட்டால் அங்கே தெரிந்துவிடும். செய்திருந்தால் மற்றவர்களுக்கும் கேட்கத் துணிவு வரும்.

வட்டம் தேய்வதையும் இந்தக் கொப்பியே காட்டும். மூன்று கூட்டமாக ஒரே நால்வரின் பெயர்தான் வருகிறதா? மற்ற எட்டுப் பேர் விலகத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் எப்போதும் கேட்பவராகவே இருக்கிறாரா? நடத்துநர் அவரிடம் தனியே பேச வேண்டும். “நடந்ததா” என்ற கட்டம் வெறுமையாகவே இருக்கிறதா? கோரிக்கைகள் பொதுப்படையாக உள்ளன என்று பொருள்.

மூன்று விடயங்களை இவ்வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். முதலாவது நன்கொடைச் சேகரிப்பு. பட்டியல் நீட்டப்படும் இடத்துக்கு வருவதற்கு வியாபாரி தயங்குவார். இரண்டாவது தேர்தல். மூன்றாவது கூட்டத்தில் வைத்துக் கடன் கேட்பது. பத்துப் பேர் முன் மறுக்க முடியாமல் கொடுத்தவர் அடுத்த முறை வரமாட்டார்.

மாதம் இருமுறை, ஒரு வார நாளில், இஷாவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் போதும். மே முதல் செப்டெம்பர் வரை விடுதிக்காரருக்கு ஓய்விராது. அக்காலத்தில் மாதம் ஒன்றாகக் குறைக்கலாம். ஆனால் நாளை மாற்ற வேண்டாம். நாள் மாறினால் இருவர் வரமாட்டார்கள், அவர்கள் வராததால் இன்னும் இருவர் நிற்பார்கள். ஆறு மாதம் நடத்தி, கொப்பியில் நிறைவேறிய கோரிக்கைகளை எண்ணிப் பாருங்கள். வட்டத்தைத் தொடர்வதா, ஆட்களை மாற்றுவதா என்பதை அந்த எண்ணிக்கையை வைத்தே தீர்மானிக்கலாம்.