உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிப் பாகம் எங்கே?

தோட்டப் பாட்டாளிகள் பலரின் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களுள் ஒரு பகுதி, இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாதவை. அத்தகைய வண்டி பழுதுற்றால் பட்டறையில் கிடைக்கும் பதில், “இந்தப் பாகம் இப்போது வருவதில்லை” என்பதாகும். இப்பதில் சில வேளைகளில் முற்றிலும் உண்மை. சில வேளைகளில் பாதி உண்மை. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஒரு நிறுவனம் ஒரு ரக வண்டியின் உற்பத்தியை நிறுத்தும்போது, அதன் பாகங்கள் யாவும் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. பிஸ்டன், கிளட்ச் தகடு, பிரேக் கட்டை, சங்கிலி முதலிய தேயும் பாகங்கள் நெடுங்காலம் கிடைக்கும். அவற்றைக் கேட்போர் பலராதலால், வேறு நிறுவனங்களும் அவற்றைச் செய்து விற்கின்றன. முதலில் மறைபவை அந்த ரகத்திற்கே உரியவையும் எப்போதாவது மட்டுமே தேவைப்படுபவையும் ஆகும். வேகமானி, மின்கம்பித் தொகுதி, பக்க மூடிகள், சில பற்சக்கரங்கள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை வார்க்கும் அச்சு தேய்ந்துபோனால், சிலருக்காகப் புதிய அச்சு செய்ய எவரும் முன்வருவதில்லை.

யமஹா ஆர்எக்ஸ்இசட் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1980களின் நடுப்பகுதியில் மலேசியாவில் அறிமுகமான இந்த இருவீச்சு வண்டியின் உற்பத்தி 2011ஆம் ஆண்டில் நின்றது. நிறுவனம் நாட்டைவிட்டுப் போகவில்லை. ரகம் மட்டுமே நின்றது. ஆகவே நிறுவனத்தின் பாக எண்களைக் கொண்டே நாம் பலவற்றை அறிந்துகொள்ள இயலும்.

யமஹாவின் பாக எண் பல வேளைகளில் மூன்று பகுதிகளாக அமைந்திருக்கும். முதற்பகுதி, அந்தப் பாகம் முதன்முதலில் எந்த ரகத்திற்காக வரையப்பட்டது என்பதைக் காட்டும். நடுவிலுள்ள ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைக் குறிக்கும். இறுதிப் பகுதி அதன் திருத்தத்தைத் தெரிவிக்கும். முதற்பகுதியில் வேறொரு ரகத்தின் குறியீடு இருக்குமானால், அந்தப் பாகம் பல வண்டிகளுக்குப் பொதுவானது என்று பொருள். அவ்வாறாயின், பட்டறைக்காரர் அந்த மற்ற ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது கிடைக்கக்கூடும்.

எண் 9 என்ற இலக்கத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது. அவை திருகாணி, பேரிங், ஆயில் சீல் முதலிய பொதுப் பொருள்கள். 93306 எனத் தொடங்குவது பேரிங். 93102 எனத் தொடங்குவது ஆயில் சீல். பேரிங்கின் வளையத்திலும் சீலின் முகப்பிலும் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவைக் காட்டினால், மோட்டார் சைக்கிளே விற்காத பேரிங் கடையிலும் பொருத்தமானதைப் பெறலாம். ஆனால் அளவு மட்டும் ஒத்திருந்தால் போதாது. அது சுழலும் வேகத்தையும் வெப்பத்தையும் தாங்கும் வகையாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசென்று, எங்கே பொருத்துவது என்பதையும் கூற வேண்டும்.

இனி, சிலிண்டர் தேய்ந்த வண்டியின் நிலையைக் காண்போம். இவ்வண்டியின் சிலிண்டர் உள்விட்டம் 56 மில்லிமீட்டர். தேய்ந்தபின் அதைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். கடைகளில் இவை வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் கூடுதல் அளவுகளில் விற்கப்படுகின்றன. அதாவது 56.25இல் தொடங்கி 57 மில்லிமீட்டர் வரையில் நான்கு முறை கடையலாம். ஒவ்வொரு முறையும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு படி செலவாகின்றது. தேய்மானம் 0.25 அளவிலேயே நீங்கும் எனில், அவசரப்பட்டு 0.50க்குத் தாவுவது ஒரு படியை வீணே இழப்பதாகும். உற்பத்தியிலுள்ள வண்டிக்குப் புதிய சிலிண்டர் எளிதில் வாங்கலாம். நின்றுபோன வண்டிக்கு இந்த நான்கு படிகளே சேமிப்பு. அவை தீர்ந்தபின், உள்ளே புதிய இரும்புக் குழல் இறக்குவதே வழி.

இதில் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்கி, அதன் விட்டத்தை அளந்து, பிறகே சிலிண்டரைக் கடைய வேண்டும். சிலிண்டரைக் கடைந்துவிட்டுப் பிஸ்டனைத் தேடினால், அந்த அளவு கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் நிற்க நேரிடும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. “பழைய அசல் சரக்கு” என்று உயர்ந்த விலைக்கு விற்கப்படும் ஆயில் சீல் எப்போதும் சிறந்ததன்று. இரப்பர் ஆண்டுகள் கடக்கக் கடக்க இறுகும் என்பது பாட்டாளிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. இறுகிய சீலைக் கிராங்க் தண்டில் பொருத்தினால் கசிவு உண்டாகும். காந்தச் சக்கரம் இருக்கும் பக்கத்தில் கசிந்தால் காற்று உட்புகும். திராட்டலை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் இறங்காது. இறுதியில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்தில் கசிந்தால் கியர் எண்ணெய் குறைந்துகொண்டே வரும், வெண்புகை மிகும். வாங்கும்போது சீலின் உதட்டை மெல்ல வளைத்துப் பாருங்கள். மயிரிழைபோன்ற வெடிப்புத் தென்பட்டால், பெட்டி எவ்வளவு அசலாயினும் அது பயன்படாது.

நிறுவனமே தொழிலைவிட்டு விலகினால் நிலை வேறு. எல்ஜி நிறுவனம் கைத்தொலைபேசித் தொழிலை மூடுவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. தொலைபேசியின் திரையை வேறொரு ரகத்தின் திரையால் மாற்ற இயலாது. பேரிங் கடையில் அளவு சொல்லி வாங்கவும் இயலாது. உடைந்த தொலைபேசிகளிலிருந்து கழற்றிய பாகங்களையே நாளடைவில் நம்ப வேண்டியதாகின்றது.

இதற்குச் சட்டம் என்ன கூறுகின்றது? மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பொருளை விற்றபின் நியாயமான காலம் வரையில் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைப்பதற்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என விதிக்கின்றது. வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே தொழிலிடம் இல்லையெனில், பொருளை இறக்குமதி செய்தவரே தயாரிப்பாளராகக் கருதப்படுவார். ஆகவே “கம்பெனி போய்விட்டது” என்பது முழுமையான விடையாகாது.

எனினும் இதற்கு வரம்புகள் உண்டு. “நியாயமான காலம்” எத்தனை ஆண்டுகள் என்று சட்டம் எண்ணிட்டுச் சொல்லவில்லை. பாகங்கள் கிடைக்குமென உறுதிகூற இயலாது என்று விற்கும்போதே வாங்குபவருக்குத் தெரிவித்திருந்தால், இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆதலால் இரசீதிலும் உத்தரவாத அட்டையிலும் உள்ள சிறு எழுத்துகளைப் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். உரிமை மீறப்பட்டதாகக் கருதுவோர், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்துடன் மனுச் செய்யலாம். கோரிக்கைத் தொகை 50,000 ரிங்கிட்டைத் தாண்டலாகாது. கோரிக்கைக்குக் காரணம் எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, இரசீதும், பாகம் இல்லையெனக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடிதமும் கைவசம் இருப்பின் வாதம் வலுப்பெறும்.