அர்ச்சகருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

சுசீந்திரம் கோயிலுக்கு அரசியலமைப்புச் சட்டத்திலேயே பணம் ஒதுக்கியிருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. புத்தகத்தைப் புரட்டி 290ஏ பிரிவைக் காட்டுவேன். கேரள அரசு தன் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்த பகுதிகளில் உள்ள இந்துக் கோயில்களின் பராமரிப்புக்கான பணம் அது. கன்னியாகுமரி பகவதி கோயில், திருவட்டாறு, சுசீந்திரம் எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

இதே சட்டத்தின் முகப்புரையில் 1976 முதல் ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக யாரையும் வரி கட்டக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு இந்தப் பணம் எப்படி வந்தது?

நாடுகளின் மதச்சார்பின்மையை ஒப்பிட்டு மாணவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கேள்வி அநேகமாக வருவதே இல்லை. மூன்று நாடுகளின் முகப்புரைகளையும் முதல் சில பிரிவுகளையும் எடுத்து வைத்து, பிரான்ஸ் கண்டிப்பானது, அமெரிக்கா நடுவாந்தரம், இந்தியா தளர்வானது என்று ஓர் ஏணி போட்டுவிடுகிறார்கள். அந்த ஏணி எனக்கு உடன்பாடில்லை. பிரான்ஸின் 1958 அரசியலமைப்பு முதல் பிரிவிலேயே தன்னை மதச்சார்பற்ற குடியரசு என்கிறது. துருக்கியின் 1982 அரசியலமைப்பு இரண்டாம் பிரிவில் அதையே சொல்கிறது. அமெரிக்க அரசியலமைப்பில் அந்தச் சொல்லே கிடையாது. சொல்லை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் துருக்கி அமெரிக்காவுக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். அதனால் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்: பூசை செய்பவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

பிரான்ஸில் இதற்கு விடை தெளிவாக இருப்பதுபோல்தான் தோன்றும். 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. ஆனால் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்குப் போனால் கத்தோலிக்கப் பாதிரியாருக்கும், லூத்தரன், சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்களுக்கும், யூத ரபிக்கும் இன்றும் அரசுதான் சம்பளம் தருகிறது. ஸ்ட்ராஸ்பூர்க், மெட்ஸ் ஆயர்களை முறைப்படி நியமிப்பவர் பிரான்ஸின் குடியரசுத் தலைவர். காரணம் எளியது. 1905இல் அல்சாஸும் மொசேலும் ஜெர்மனியின் கையில் இருந்தன. முதல் உலகப் போர் முடிந்து திரும்பி வந்தபோது, நெப்போலியன் 1801இல் போப்புடன் செய்த உடன்படிக்கையின் ஏற்பாட்டை அங்கே அப்படியே விட்டுவிட்டார்கள். 2013இல் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்கு வந்தபோது, நாட்டின் அரசியலமைப்பு மன்றம் இந்த வழக்கத்தை நீக்க அரசியலமைப்பை இயற்றியவர்கள் நினைக்கவில்லை என்று சொல்லி அதை நிலைநிறுத்தியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிரெஞ்சு அரசு பாதிரியாருக்கு ஏன் சம்பளம் தர ஆரம்பித்தது? 1789இல் புரட்சி அரசு திருச்சபையின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக வழிபாட்டுச் செலவைத் தான் ஏற்பதாகச் சொன்னது. 1801 உடன்படிக்கை அந்தக் கடனைச் சம்பளமாக எழுதி வைத்தது. இனி திருவிதாங்கூருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோவின் காலத்தில், கோயில் நிலங்களை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டு, கோயில் செலவைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அந்தப் பொறுப்பும் கூடவே வந்தது. அதன் வடிவம்தான் 290ஏ. ஸ்ட்ராஸ்பூர்க் பாதிரியாரின் சம்பளத்துக்கும் சுசீந்திரத்துக்கு வரும் தொகைக்கும் வேர் ஒன்றுதான்: அரசு நிலத்தை எடுத்தது, அதனால் கொடுக்கிறது. ஏணியின் இரண்டு முனைகளில் நிறுத்தப்பட்ட நாடுகள் இந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

இரண்டு ஏற்பாடுகளுக்கும் ஒரே குறையும் உண்டு. பழைய கணக்கைத் தீர்ப்பதால், பழைய கணக்கில் இருந்தவர்களுக்கு மட்டுமே பணம் போகும். அல்சாஸில் இன்று முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். நெப்போலியன் காலத்துப் பட்டியலில் இஸ்லாம் இல்லாததால் அங்கே இமாமுக்குச் சம்பளம் இல்லை.

துருக்கியின் கதை வேறு. 1924 மார்ச் 3 அன்று கலீஃபா பதவியை ஒழித்தார்கள். அதே நாளில் தியானத் என்கிற மத விவகாரத் துறையைத் தொடங்கினார்கள். 1937இல் மதச்சார்பின்மை அரசியலமைப்பில் ஏறியது. மதத்தை அரசிலிருந்து பிரித்துவிட்டார்கள் என்று பாடப்புத்தகங்கள் எழுதும். உண்மையில் மதத்தை அரசின் ஓர் இலாகாவாக ஆக்கினார்கள். மசூதியின் இமாம் அங்கே அரசு ஊழியர். மசூதியின் மின்கட்டணத்தைக் கட்டுவதும் தியானத்தின் நிதிதான். இஸ்தான்புல்லில் ஓர் அலவி அறக்கட்டளை, தங்கள் வழிபாட்டு இல்லமான ஜெம்எவிக்கும் இந்தச் சலுகை வேண்டும் என்று கேட்டது. ஜெம்எவி வழிபாட்டுத் தலம் அல்ல என்று தியானத் சொன்னது, சலுகை கிடைக்கவில்லை. 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் மதச்சார்பின்மை எப்படிப்பட்டது என்று அறிய அதன் மின்கட்டண ரசீதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அஹ்மத் குரு என்ற அரசியல் அறிஞர் பிரான்ஸையும் துருக்கியையும் ஒரே வகையில், மதத்தைப் பொதுவெளியிலிருந்து விலக்கும் முனைப்பான மதச்சார்பின்மை என்ற வகையில் வைத்தார். மாணவிகள் தலையில் முக்காடு போடலாமா என்ற கேள்வியை வைத்துப் பார்த்தால் அது பொருத்தமே. சம்பளக் கேள்வியை வைத்தால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போய்விடுகின்றன. அதனால் எந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அமெரிக்காவிலும் நெப்ராஸ்கா சட்டமன்றம் பிரார்த்தனை செய்யும் போதகருக்குச் சம்பளம் கொடுத்துவந்தது. 1983இல் அங்கே உச்ச நீதிமன்றம், நாட்டின் தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் வழக்கம் என்று அதை ஏற்றுக்கொண்டது.

நம் ஊரில் சம்பளத்தை விட நிர்வாகம்தான் பெரிய விஷயம். அர்ச்சகரின் சம்பளம் பெரும்பாலும் கோயில் வருமானத்திலிருந்து வருகிறது, ஆனால் கோயிலை மேற்பார்ப்பது அரசின் அறநிலையத் துறை. 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மத விஷயம் மடத்துக்கு, சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்று கோடு கிழித்தது. எது மத விஷயம் என்பதை முடிவு செய்ய அந்த மதத்தின் கோட்பாடுகளைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகு நீதிபதிகள் ஆகமம் படிக்க வேண்டியதாயிற்று.

1970இல் தமிழ்நாடு அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் வந்த தீர்ப்பை நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். அர்ச்சகரை நியமிப்பது மதம் சாராத செயல், ஆகவே பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் நியமிக்கும்போது ஆகம விதியை மீறக் கூடாது என்றும் சொன்னது. ஆகமம் எந்தப் பிரிவினரைக் கருவறைக்குள் விடுகிறதோ அவர்களிலிருந்துதான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் அந்த நியமனம் எப்படி மதம் சாராததாகும்? 2021இல் தமிழ்நாடு அரசு பயிற்சி பெற்ற பிற சாதியினரை அர்ச்சகர்களாக நியமித்தபோதும் அதே வாதம்தான் மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போனது.