ஓட்டத்துக்குப் பின் சிவக்கும் சிறுநீர்

1979-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. மாரத்தான் ஓடிய 50 ஆண் மருத்துவர்களின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஓடி முடித்ததும் அவர்களில் ஒன்பது பேருடைய சிறுநீரில் ரத்தம் இருந்தது. இரண்டு நாளில் அத்தனை பேருக்கும் அது மறைந்துவிட்டது. யாருக்கும் மருந்து தேவைப்படவில்லை.

கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீரில் ரத்தமோ புரதமோ தெரிவது, ஆரோக்கியமான இளம் வீரர்களிடமும் அடிக்கடி காணப்படுவதுதான். ஆனால் உண்மையான சிறுநீரக நோய்க்கும் முதல் அடையாளம் இதே ரத்தமும் புரதமும்தான். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம். 1956-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் சிறுநீரைச் சோதித்த கார்ட்னர் என்ற மருத்துவர், சிறுநீரக அழற்சி நோயாளியிடம் காண்பதைப் போன்ற அணுக்களையும் படிவுகளையும் அவர்களிடம் கண்டார். நோய் போலவே தெரிந்து, நோயாக இல்லாததால் அதற்கு ‘விளையாட்டு வீரர்களின் போலிச் சிறுநீரக அழற்சி’ என்ற பொருளில் பெயர் வைத்தார். போலியையும் அசலையும் பிரிப்பது ஓய்வுக்குப் பின் எடுக்கும் இரண்டாவது சோதனை.

ரத்தம் எங்கிருந்து வருகிறது? பல ஓட்டக்காரர்களுக்கு அது சிறுநீரகத்திலிருந்தே வருவதில்லை. 1970-களில் பிளாக்லாக் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், 10,000 மீட்டர் போன்ற நெடுந்தூரம் ஓடியபின் ரத்தம் போனவர்களின் சிறுநீர்ப்பைக்குள் கருவி செலுத்திப் பார்த்தார். பையின் உட்சுவரில் கன்றிப்போன காயங்கள் இருந்தன. ஓடும் முன் முழுவதுமாகச் சிறுநீர் கழித்துவிட்டுக் கிளம்புவது பல வீரர்களின் பழக்கம். காலியான பையின் பின்சுவர், ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அடிப்பகுதியில் போய் மோதுகிறது. மணிக்கணக்கில் அப்படி மோதினால் உட்சவ்வு கன்றி ரத்தம் கசியும். பையில் கொஞ்சம் சிறுநீர் இருந்தால் அதுவே மெத்தையாகி இந்த மோதலைக் குறைக்கும். அதனால் ஓட்டத்துக்குச் சற்று முன் பையை முழுக்கக் காலி செய்யாமல் இருப்பதும், போதிய அளவு தண்ணீர் குடிப்பதும் இந்த வகை ரத்தப்போக்கைத் தவிர்க்க உதவும்.

நீச்சல் வீரர்களுக்கும் துடுப்புப் படகு வீரர்களுக்கும் பாதம் தரையில் மோதுவதில்லை. அவர்களுக்கும் ரத்தம் வருவதுண்டு. அங்கே காரணம் சிறுநீரகத்துக்குள் இருக்கிறது. உச்ச வேகத்தில் உழைக்கும்போது உடல் ரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஓய்வுநேர அளவில் கால்பங்காகக்கூடக் குறையலாம். குறைந்த ரத்தத்தை வைத்தே வடிகட்டும் வேலை நடக்க வேண்டுமே என்று, வடிகட்டியிலிருந்து வெளியேறும் நுண்குழாய் சுருங்கி உள்ளழுத்தத்தைக் கூட்டுகிறது. அந்த அழுத்தத்தில் வழக்கமாகக் கசியாத புரதம் கசிகிறது. சில ரத்த அணுக்களும் கூடவே வருகின்றன. கசிந்த புரதத்தை முழுக்கத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள அடுத்துள்ள குழாய்களால் முடிவதில்லை. மீதி சிறுநீரில் போகிறது. ரிப்போர்ட்டில் ‘ஆல்புமின் ++’ என்று வருகிறது.

இந்தப் புரதக் கசிவு எவ்வளவு நேரம் ஓடினோம் என்பதைவிட எவ்வளவு மூச்சைப் பிடித்து ஓடினோம் என்பதையே அதிகம் சார்ந்தது. மெதுவாக ஒன்றரை மணி நேரம் ஓடியவருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம்; 400 மீட்டரை முழுவேகத்தில் ஓடிய பையனுக்கு இரண்டு பிளஸ் வரலாம். உழைப்பு முடிந்த அரை மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டாக, மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் 18 வயது நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு காலை கடும் பயிற்சி. முடிந்ததும் போன சிறுநீர் இளஞ்சிவப்பாக இருக்கிறது. வலியில்லை, எரிச்சலில்லை. ‘உடம்புச் சூடு, இளநீர் குடி’ என்கிறார்கள் வீட்டில். பையன் பயந்துபோய் அன்றே ஆய்வகத்தில் கொடுக்கிறான். ரத்தம் +++, ஆல்புமின் ++, நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் புலத்துக்கு 30 முதல் 40 சிவப்பணுக்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த எவருக்கும் வயிற்றைக் கலக்கும்.

மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, “தம்பி, ஓடி எவ்வளவு நேரம் கழிச்சு இதைக் கொடுத்தீங்க?” என்று கேட்கிறார். பிறகு அடுத்தடுத்த கேள்விகள். வலி மாத்திரை போட்டதுண்டா? விலாவில், இடுப்பில் அடிபட்டதா? அண்மையில் தொண்டை வலி, காய்ச்சல் உண்டா? வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறோ இளவயதிலேயே காது கேளாமையோ இருக்கிறதா? முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டதும் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையும்கூடச் சிறுநீரைச் சிவக்க வைக்கும் என்பதால் அதையும் கேட்கிறார். பெண் வீரர் என்றால் மாதவிடாய் நாளா என்றும் கேட்டிருப்பார். ரத்த அழுத்தம் பார்க்கிறார், கால் வீக்கம் பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று நாள் முழு ஓய்வு. ஓட்டமும் ஜிம்மும் கூடாது. புதன் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் எழுதிக் கொடுப்பது.

புதன் ரிப்போர்ட்டில் ஆல்புமின் இல்லை. சிவப்பணு பூஜ்ஜியம் முதல் இரண்டு வரை. பையன் மறுநாளே மைதானத்துக்குத் திரும்பலாம். ஸ்கேனோ வேறு சோதனையோ தேவையில்லை. கடும் பயிற்சிக்குப் பின் இதே போல மறுபடி மறுபடி வந்தால் மட்டும் ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுவது நல்லது.

அதே புதன் ரிப்போர்ட்டில் ஒரு புலத்துக்கு மூன்றுக்கு மேல் சிவப்பணுக்களோ, பிளஸ் குறியோடு ஆல்புமினோ நின்றால் அப்போது இது விளையாட்டால் வந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அடுத்து சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள்; அது 0.2-க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீர்த் தொற்றுக்கான கல்ச்சர், கல்லும் கட்டியும் இருக்கிறதா என்று காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவை தொடரும். ரத்தமும் புரதமும் சேர்ந்தே நிற்பது, ஏதாவது ஒன்று மட்டும் நிற்பதைவிட அதிகக் கவலைக்குரியது; சிறுநீரக மருத்துவரிடம் போக அதுவே போதுமான காரணம். தேவையானால் அவர் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்.

புரதம் மட்டும் நிற்கும் வளரிளம் பருவத்தினரில் பலருக்கு அதுவும் தீங்கற்றதாகவே முடிகிறது. நின்று நடமாடும் பகலில் மட்டும் புரதம் கசியும். படுத்து உறங்கும்போது கசியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவு படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். காலையில் எழுந்த உடனே, நடமாடத் தொடங்கும் முன்பே போவதை ஒரு டப்பாவிலும், பகலில் போவதை இன்னொரு டப்பாவிலும் கொடுக்க வேண்டும். காலைச் சிறுநீர் சுத்தமாகவும் பகல் சிறுநீரில் மட்டும் புரதமும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

மூன்று நாள் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. அவற்றில் மிக முக்கியமானது கோலா நிறச் சிறுநீர். பழக்கமில்லாத உடம்போடு முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கியும் தண்டாலும் எடுப்பவர்களுக்கும், உச்சி வெயிலில் ஓட வைக்கப்படுபவர்களுக்கும் தசைநார்கள் சிதைந்து, அவற்றின் சிவப்பு நிறமியான மயோகுளோபின் ரத்தத்தில் கலந்துவிடலாம். தொடை தொட்டாலே வலிக்கும். படி ஏற முடியாது. சிறுநீர் கடுங்காப்பி போலப் போகும். சோதனைப் பட்டை இதையும் ‘ரத்தம் +++’ என்றே காட்டும், ஏனென்றால் பட்டைக்கு ஹீமோகுளோபினும் மயோகுளோபினும் ஒன்றுதான். ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் இருக்காது. பட்டையில் மூன்று பிளஸ், நுண்ணோக்கியில் பூஜ்ஜியம் என்ற இந்த முரண்தான் தடயம். உடனே ரத்தத்தில் சி.பி.கே. அளவு பார்க்க வேண்டும்; அது பல ஆயிரங்களில் நிற்கும். அன்றே மருத்துவமனையில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றாவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். இந்த வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடுவது, ஏற்கெனவே ரத்தம் குறைந்து தவிக்கும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கிறது. போட்டிக்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் மைதானங்களில் பரவியிருப்பது உண்மையிலேயே அஞ்சத்தக்கது.

ரத்தம் கட்டிகட்டியாகப் போவது, கபடியிலோ கால்பந்திலோ விலாவில் அடிபட்டபின் சிறுநீர் சிவப்பது, சிறுநீர் அளவு குறைவது, முகமோ காலோ வீங்குவது, ரத்த அழுத்தம் உயர்ந்திருப்பது ஆகியவையும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. தொண்டை வலி இருக்கும் நாளிலேயே சிறுநீர் சிவந்தால் அது ஐ.ஜி.ஏ. என்னும் சிறுநீரக நோயாக இருக்கலாம். கடும் உழைப்பு அதன் ரத்தக் கசிவைத் தூண்டக்கூடியது. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு மரபு காணப்படுகிறது. அந்த மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. ஆனாலும் சிறுநீரில் ரத்தம் போகலாம், கடும் பயிற்சியில் தசைச் சிதைவு வரும் ஆபத்தும் அவருக்கு அதிகம். அங்கிருந்து வரும் வீரரிடம் பயிற்சியாளர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

உச்சத்தில் விளையாடுகிறவருக்கு நோய் வராது என்று எண்ணிவிடவும் கூடாது. கூடைப்பந்து வீரர் அலோன்சோ மோர்னிங் 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அந்த ஆண்டிலேயே, கால் வீக்கமும் சோர்வுமாக இருந்த அவருக்கு, சிறுநீரக வடிகட்டிகள் தழும்பேறிப் புரதம் கசியும் நோய் கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு வயது 30. 2003 டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதன் பிறகு களத்துக்குத் திரும்பி, 2006-இல் மயாமி ஹீட் அணியோடு சாம்பியன் பட்டமும் வென்றார்.

பயிற்சியாளர்களும் பெற்றோரும் செய்ய வேண்டியது சிறியது. அணித் தேர்வுக்கோ ஆள்சேர்ப்புக்கோ மருத்துவப் பரிசோதனை இருந்தால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் பையனையும் பெண்ணையும் கடுமையாக ஓட விடாதீர்கள். ரிப்போர்ட்டில் ரத்தமோ ஆல்புமினோ வந்துவிட்டால், கடைசியாக எப்போது பயிற்சி செய்தார்கள் என்பதை அதன் மேலேயே எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நலமாக இருக்கிறார்கள் என்பதற்காக இரண்டாவது சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.