கூட்டல் சரி, கணக்கு தப்பு

ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி ஒருவரின் மார்ச் 31 கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லெட்ஜரில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி ரூ.18,40,000. அதே பாக்கியை, பில் போட்டு எத்தனை நாளாயிற்று என்று பிரித்துக் காட்டும் ஏஜிங் ரிப்போர்ட்டில் ரூ.20,00,000. முதல் 30 நாளில் 9 லட்சம், 60 நாள் வரை 5 லட்சம், 90 வரை இரண்டரை லட்சம், அதற்கு மேல் மூன்றரை லட்சம்.

"வித்தியாசம் 1,60,000தானே சார், முதல் கட்டத்தில் கழித்துவிட்டால் டேலி ஆகிவிடும்" என்றார் கணக்கு எழுதும் தம்பி. ஆகும்தான். ஆனால் அந்த 1,60,000 ஒரே தொகை இல்லை.

பார்ட்டி வாரியாக லெட்ஜர் பாக்கியையும் ரிப்போர்ட் பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு பேரிடம்தான் இடித்தது. ஒருவர் ரூ.1,90,000 அனுப்பியிருந்தார். எந்த பில்லுக்கு என்று குறிக்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று வரவு வைத்துவிட்டார்கள். லெட்ஜரில் பாக்கி குறைந்தது, பழைய பில்கள் மட்டும் ரிப்போர்ட்டில் அப்படியே நின்றன. அவர் அனுப்பிய விவரத்தைத் தேடி எடுத்தோம். பணம் 120 நாள் தாண்டிய பில்களுக்கு. இன்னொருவரின் ரூ.30,000 செக் ரிட்டர்ன் ஆகியிருந்தது. அதற்கான ஜர்னலில் பில் நம்பர் இல்லாததால் அது ரிப்போர்ட்டுக்கே வரவில்லை. 1,90,000 கழித்து 30,000 கூட்டினால் மிச்சம் அதே 1,60,000.

செக் திரும்பிய தேதியை வைத்து அந்த 30,000 ரூபாயைப் புதுப் பாக்கியாகக் காட்டுவது பல கடைகளில் நடக்கிறது. செக் திரும்பியதால் பில்லுக்கு வயது குறைந்துவிடாது. பில் போட்டு 100 நாள் ஆகியிருந்தது, அதனால் அதுவும் 90 நாளுக்கு மேற்பட்ட கட்டத்தில்தான் சேரவேண்டும். அந்தக் கட்டம் இப்போது ரூ.1,90,000. மற்றவை மாறவில்லை. மொத்தம் 18,40,000.

இவர்கள் வாராக்கடனுக்கு ஒதுக்கும் விகிதம் புதிய கட்டத்திலிருந்து வரிசையாக 1, 3, 10, 40 சதவீதம். முந்தைய வருஷங்களில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு வராமல் போனது என்று பார்த்து வைத்த விகிதம் இது. வேறு கடைக்கு இது பொருந்தாது. இதன்படி 9,000, 15,000, 25,000, 76,000 சேர்ந்து ஒதுக்கீடு ரூ.1,25,000.

தம்பி சொன்னபடி முதல் கட்டத்தில் கழித்திருந்தால்? கூட்டல் பைசா பிசகாமல் வந்திருக்கும். ஆனால் கழித்ததற்கு ஒரு சதவீதம்தான் குறையும். கட்டிவிட்ட பில்களுக்கும் 40 சதவீதம் ஒதுக்கி ரூ.1,87,400 காட்டியிருப்போம். லாபத்தில் ரூ.62,400 காரணமில்லாமல் குறைந்திருக்கும்.

கடைசியாக, போன வருஷ ஒதுக்கீடு ரூ.95,000 புத்தகத்தில் அப்படியே நின்றது. இந்த வருஷம் செலவில் எழுத வேண்டியது ரூ.30,000 மட்டும். தம்பி முழு 1,25,000 ரூபாய்க்கும் ஜர்னல் போட்டிருந்தார். அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம்.