கிண்டலா, பாராட்டா? பதில் எழுதும் முன் ஒரு கேள்வி

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு பிளாக். ஆடி மாதத்தில் பெயின்ட் அடிக்கும் வேலை நடக்கிறது. சங்கச் செயலாளர் குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்: "ஏ பிளாக் இன்னைக்கு முடிஞ்சது. இருபது நாள் ஆச்சு. அடுத்து பி பிளாக்." டி பிளாக்கில் இருக்கும் ஒருவரிடமிருந்து பதில் வருகிறது: "அடேங்கப்பா! இந்த வேகத்துல போனா தீபாவளிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும் சார்."

இதைச் செயலாளர் எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு பிளாக்குக்கு இருபது நாள் என்றால், மீதி மூன்றுக்கும் அறுபது நாள். கணக்குப்படி புரட்டாசியிலேயே வேலை முடிந்துவிடும். அப்படிப் பார்த்தால் இது உண்மையான பாராட்டு. ஆனால் 'அடேங்கப்பா'வும் 'இந்த வேகத்துல'வும் சேர்ந்து வரும்போது, 'ஆமை வேகம்' என்று குத்திக் காட்டுவதாகவும் படிக்கலாம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வரிதான்.

நேரில் பேசியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. கிண்டலை நாம் பெரும்பாலும் சொல்லில் அல்ல, குரலில் வைத்துப் பேசுகிறோம். ஒரு சொல்லை இழுப்பது, புருவத்தைத் தூக்குவது, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் சேர்ந்துதான் சொன்னதைத் தலைகீழாக்கிக் காட்டுகின்றன. செல்போன் திரையில் இவை எதுவும் வருவதில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எழுதுகிறவருக்குத் தன் குரல் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதே குரலில்தான் அடுத்தவரும் படிப்பார் என்று அவர் நம்பிவிடுகிறார். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஜஸ்டின் குரூகரும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும், மின்னஞ்சலிலும் குரலிலும் சொல்ல வைத்தார்கள். இரண்டு வழியிலும் கேட்பவர் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று சொன்னவர்கள் நினைத்தார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய அந்த அளவுக்கு, 73 சதவீதம், சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களோ சுமார் 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வந்துவிடும். அதற்குச் சற்றே மேல், அவ்வளவுதான். ஆனாலும் சரியாகப் புரிந்துகொண்டோம் என்ற நம்பிக்கை படித்தவர்களுக்கும் குறையவில்லை. அதனால் 'இது நிச்சயம் குத்தல்தான்' என்று நமக்குள் எழும் உறுதி, அது குத்தல் என்பதற்குச் சாட்சி ஆகாது.

பொம்மைக்குறி போட்டால் தீராதா? அந்தக் குறி பிறந்ததே இந்தச் சிக்கலில்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்தூக்கி ஒன்றில் பாதரசம் கொட்டிக் கிடக்கிறது என்று யாரோ கணினியில் எழுதிய வேடிக்கையைச் சிலர் நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், வேடிக்கைக்கு அடையாளமாக `:-)` என்று போடலாம் என்றார். இன்று அந்தச் சிரிப்பு முகத்தையே சிலர் கோபத்தை மூடி அனுப்பவும் பயன்படுத்துகிறார்கள். கட்டைவிரலும் அப்படித்தான். குறியை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

அதைவிட நம்பத்தக்க தடயம், அந்த மனிதர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பது. தமிழில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. எப்போதும் 'நீ, வா, போ' என்று பேசும் அக்கா திடீரென்று "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று எழுதினால், அந்த மரியாதையே கிண்டலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எல்லோரையும் 'சார்' என்று அழைக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் 'சார்' எதையும் காட்டிக்கொடுக்காது. டி பிளாக்காரர் இரண்டாவது வகை. அவருடைய பழைய செய்திகளைப் புரட்டினால் 'அடேங்கப்பா' பாராட்டிலும் வந்திருக்கிறது, முணுமுணுப்பிலும் வந்திருக்கிறது. ஆக, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. "கிண்டல் பண்றீங்களா?" என்பது கேள்வி போலத் தோன்றினாலும் குற்றச்சாட்டு. மனதாரப் பாராட்டியவர் புண்படுவார். கிண்டல் செய்தவரோ குழுவில் இத்தனை பேர் பார்க்கும்போது ஒப்புக்கொள்ளவா போகிறார்? "சும்மா சொன்னேன் சார்" என்று நழுவிவிடுவார். அவர் மனதில் இருந்த குறை உள்ளேயே தங்கிவிடும். "நன்றி சார்" என்று மட்டும் போட்டால், அது கிண்டலாக இருந்த பட்சத்தில் செயலாளரும் பதிலுக்குக் கிண்டல் செய்தது போல ஆகிவிடும்.

கேள்வி மனிதரின் நோக்கத்தைப் பற்றி இருக்கக் கூடாது. அவர் தொட்ட விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். இங்கே அந்த விஷயம் வேகம். செயலாளர் தனிச்செய்தியில் இப்படி எழுதலாம்: "சார், கணக்குப்படி புரட்டாசிக் கடைசியில நாலு பிளாக்கும் முடியும். உங்களுக்கு அது தோதுப்படுமா, இல்ல இன்னும் முன்னாடியே முடியணுமா? டி பிளாக்ல ஏதாவது அவசரம் இருந்தா சொல்லுங்க."

இந்தப் பதிலில் முதல் வரி தகவல். பாராட்டியவருக்கும் அது பயன்படும், குறை சொன்னவருக்கும் பயன்படும். அடுத்து வரும் கேள்வி இரண்டு வழிகளைத் திறந்து வைக்கிறது. எதைத் தேர்ந்தாலும் அவருக்கு மரியாதைக் குறைவு இல்லை. தனிச்செய்தி என்பதால் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை. அவசரம் என்றால் எழுதவே வேண்டாம், போன் செய்துவிடலாம். குரல் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

பதில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "ஆவணிக் கடைசியில பொண்ணுக்குக் கல்யாணம் சார். வீட்டுக்குச் சொந்தக்காரங்க வருவாங்க. எங்க பிளாக்தான் கடைசின்னதும் கொஞ்சம் கடுப்பாயிடுச்சு." அப்படியானால் அது குத்தல்தான். ஆனால் செயலாளரின் கையில் இப்போது இருப்பது அவமானம் அல்ல, தீர்க்கக்கூடிய ஒரு வேலை. பி பிளாக்குக்குப் பதிலாக டி பிளாக்கை அடுத்து எடுத்தால் ஆவணிக் கடைசிக்கு முன்பே அது முடிந்துவிடும். பி பிளாக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். "கிண்டல் பண்றீங்களா?" என்று கேட்டிருந்தால் இந்தக் கல்யாணச் செய்தி வெளியே வந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் இப்படி நின்று கேட்க வேண்டியதில்லை. நண்பர்களுக்குள் ஓடும் கேலிக்கு விளக்கம் கேட்டால் கேலிதான் செத்துப்போகும். எப்படிப் புரிந்துகொண்டாலும் நம் பதில் மாறப்போவதில்லை என்றாலும் கேட்கத் தேவையில்லை. இரண்டு அர்த்தங்களுக்கு இரண்டு வேறு பதில்கள் தேவைப்படும்போது மட்டும் கேட்டால் போதும்.

ஒரே மனிதர் ஒவ்வொரு முறையும் குத்திவிட்டு, கேட்டால் "சும்மா சொன்னேன்" என்று ஒதுங்குகிறாரா? அங்கே அர்த்தத்தில் குழப்பம் எதுவும் இல்லை. அடுத்த குத்தலுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவரை நேரில் பார்த்து, "குறை இருந்தா நேரடியாவே சொல்லுங்க சார், செஞ்சு தரேன். குழுவுல இப்படிப் போட்டா என்ன செய்யணும்னு எனக்குப் புரியல" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.