கடை மேசையில் கைமாறும் செல் நம்பர்

2024 ஜனவரி 9 அன்று, நியூயார்க் நேரப்படி மாலை நான்கு மணி தாண்டிய சற்று நேரத்தில், அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி.யின் எக்ஸ் கணக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. பிட்காயின் சார்ந்த நிதித் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டோம் என்றது அது. பிட்காயின் விலை ஆயிரம் டாலருக்கு மேல் எகிறியது. அந்த அறிவிப்பு தாங்கள் போட்டதல்ல, கணக்கு வேறு யாரோ கையில் இருக்கிறது என்று எஸ்.இ.சி. சொன்னதும், விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல் சரிந்தது.

இதைச் செய்தவர்கள் எஸ்.இ.சி.யின் கணினி எதையும் உடைக்கவில்லை. அலபாமா மாநிலத்து இளைஞர் ஒருவர், வேறொருவர் பெயரில் போலி அடையாள அட்டை அச்சிட்டுக்கொண்டு, ஹன்ட்ஸ்வில் நகரின் ஒரு செல்போன் கடைக்குப் போனார். போன் உடைந்துவிட்டது, புது சிம் வேண்டும் என்றார். கொடுத்தார்கள். அந்த நம்பர் எஸ்.இ.சி.யின் எக்ஸ் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. புதிதாக வாங்கிய ஐபோனில் சிம்மைப் போட்டு, கடவுச்சொல்லை மாற்றுவதற்கான குறியீடு குறுஞ்செய்தியாக வந்ததும் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். அவருடைய வேலை அதோடு முடிந்தது. பிறகு பிடிபட்டு, 2025 மே மாதம் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இந்தக் கதையில் இரண்டு கதவுகள் திறந்து கிடந்தன. கடையில் அட்டையைக் காட்டியதும் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள் என்பது ஒன்று. நம்பர் கையில் இருந்தாலே கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்பது மற்றொன்று. எஸ்.இ.சி. கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு முன்பு இருந்தது. உள்ளே நுழைவதில் ஏதோ சிக்கல் வந்ததால், 2023 ஜூலையில் எக்ஸ் நிறுவனத்திடம் கேட்டு அவர்களே அதை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தாலும் அன்றைய அறிவிப்பு வந்திருக்காது.

நம் நம்பர் சிம் அட்டைக்குள் இருப்பதாகவே பலரும் நினைக்கிறோம். சிம்முக்குள் இருப்பது அந்த அட்டையின் அடையாளமும் ரகசியச் சாவியும்தான். இந்த நம்பருக்கு வரும் அழைப்பை இந்த சிம்முக்கு அனுப்பு என்ற வரி, நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அந்த வரியை மாற்ற உரிமை உள்ள ஊழியர் ஒருவர் மாற்றினால் போதும். உங்கள் போன் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கும், நம்பர் வேறொருவரிடம் இருக்கும். ஆகவே போனுக்கு எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் இதற்கு உதவாது. சிம் பின் என்று போனில் வைத்துக்கொள்ளும் நான்கு இலக்கமும் அப்படித்தான். தொலைந்துபோன சிம்மை இன்னொரு போனில் போட விடாமல் அது தடுக்கும். புது சிம் வாங்குகிறவர் உங்கள் பழைய சிம்மைத் தொடுவதே இல்லையே!

தேவைப்படுவது நிறுவனத்தின் கணக்கில் வைக்கும் பின். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் மூன்றிலும் இது உண்டு. டி-மொபைலில் 6 முதல் 15 இலக்கம் வரை வைக்கலாம். பிறந்த தேதி, வீட்டு எண், செல் நம்பரின் கடைசி இலக்கங்கள் வேண்டாம். ஏமாற்ற வருகிறவர் அவற்றையெல்லாம் தேடி எடுத்துக்கொண்டுதான் வருவார். பின் மட்டும் போதுமா என்றால், போதாது. 2021இல் டி-மொபைலில் நடந்த தரவுத் திருட்டில் சுமார் எட்டரை லட்சம் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்களின் பின் எண்களும் சேர்ந்தே போயின. 2024இல் செல் நிறுவன ஊழியர்களுக்கு, ஒரு சிம் மாற்றித் தந்தால் 300 டாலர் என்று குறுஞ்செய்திகள் வந்தன. பின்னைக் கேட்க வேண்டியவரே விலைபோனால் பின்னால் என்ன பயன்?

அதனால்தான் பின்னுக்கு மேலே ஒரு பூட்டு வந்திருக்கிறது. வெரைசனிலும் டி-மொபைலிலும் அதன் பெயர் SIM Protection. ஏடி அண்ட் டி 2025இல் கொண்டுவந்ததற்குப் பெயர் Wireless Account Lock. நிறுவனத்தின் செயலிக்குள் போய் ஒருமுறை போட்டுவிட்டால், கணக்குக்குச் சொந்தக்காரர் அதைத் திறக்கும்வரை சிம் மாற்றம் நடக்காது. வேறு நிறுவனத்துக்கு நம்பரைக் கொண்டுபோவதற்குத் தனிப் பூட்டு இருக்கலாம், அதையும் பார்த்துப் போடுங்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் இந்த ஒன்றை இன்றே சொல்லுங்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட பின் பொதுவழக்கில் இல்லை. இங்கே சிம் மாறியதும் புது சிம்மில் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராமல் தடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது. சிம் மாற்றி 7 நாள் ஆகும்வரை நிறுவனம் மாறும் குறியீடு தரக்கூடாது என்ற விதியும் 2024 ஜூலை 1 முதல் இருக்கிறது. இவை நமக்கு அவகாசம் தருகின்றன, அவ்வளவே. குறியீட்டைக் குரல் அழைப்பில் சொல்லும் சேவைகளை குறுஞ்செய்தித் தடை தொடாது. எனவே நம் ஊரில் இரண்டாவது கதவுதான் முக்கியம்.

அதை மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றும் கடிதம் அங்கேதான் வந்து விழும். ஜிமெயில் வைத்திருப்பவர் myaccount.google.com பக்கத்தில் பாதுகாப்புப் பகுதிக்குப் போக வேண்டும். முதலில் மாற்று வழிகளைச் சேர்க்க வேண்டும், நம்பரை நீக்குவது அதற்குப் பிறகுதான். வரிசை தவறினால் வெளியே நின்று கதவைத் தட்டப்போவது நாம்தான். பாஸ்கீ ஒன்று உருவாக்குங்கள், அல்லது அத்தென்டிகேட்டர் செயலியை இணையுங்கள். இரண்டும் சிம்மைச் சார்ந்தவை அல்ல. பிறகு Backup codes எடுங்கள். பத்துக் குறியீடுகள் வரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். போன் தொலைந்த நாளில் அந்தக் காகிதம்தான் உங்களை உள்ளே விடும்.

இப்போது நம்பரை நீக்கலாம். அது இரண்டு இடங்களில் இருக்கும்: Recovery phone என்ற இடத்தில் ஒன்று, 2-Step Verification பக்கத்தில் இன்னொன்று. பலர் ஒன்றை நீக்கிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சரியாகச் செய்தோமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வேறொரு கணினியில், கடவுச்சொல் மறந்துவிட்டது என்று நீங்களே அழுத்திப் பாருங்கள். இந்த நம்பருக்குக் குறியீடு அனுப்பவா என்று கேட்டால், கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் மாற்றிய பின் 7 நாள் வரை கூகுள் பழைய நம்பருக்கு அனுப்ப முன்வரலாம் என்பதால், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் நம்பர்தான் கணக்கு, அதை நீக்க முடியாது. அங்கே Two-step verification என்ற ஆறு இலக்கப் பின்னைப் போட்டால், உங்கள் நம்பரை எடுத்தவரும் உள்ளே நுழையத் திணறுவார். வங்கிகள் பல இன்னமும் குறுஞ்செய்தியை மட்டுமே நம்புகின்றன. அதில் நாம் செய்யக்கூடியது குறைவு. வங்கி எச்சரிக்கைகள் மின்னஞ்சலுக்கும் வரும்படி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு நாள், மற்றவர்கள் போனில் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று காணாமல் போகலாம். வைஃபையில் இணையம் வேலை செய்யும், அழைப்பு போகாது. அதற்குச் சற்று முன், சிம் மாற்றக் கோரிக்கை வந்துள்ளது என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தும் வராவிட்டால், மாலைவரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி நிறுவனத்தை அழைத்து, நான் கேட்காமல் சிம் மாறியிருக்கிறது, நம்பரை உடனே நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு. இந்தியாவில் பணம் போயிருந்தால் மூன்றாவது அழைப்பு 1930க்கு.