ஜூன் 15-க்கு ஜூன் 1-ல் மணி அடிக்கட்டும்

மாதச் சம்பளக்காரருக்கு வருமான வரி தானாகப் பிடித்தமாகிவிடும். கூடவே வாடகையோ டெபாசிட் வட்டியோ வந்தால், அதற்கான வரியைக் கணக்கிட்டுக் கட்டுவது அவர் பொறுப்பு. டிடிஎஸ் போக மீதி வரி ஓர் ஆண்டில் 10,000 ரூபாயைத் தொட்டால், அதை அந்த ஆண்டு முடிவதற்குள் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும் என்பது கணக்கு.

கோவையில் ஒரு தனியார் நிறுவன ஊழியரை எடுத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் கழிவுகள் போக அவருடைய சம்பளம் 17 லட்சம். சொத்து வரி போக மாதம் 20,000 ரூபாய் வீட்டு வாடகை வருகிறது. அதில் 30% கழித்தால் ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். டெபாசிட் வட்டி 72,000. ஆக மொத்தம் 2,40,000 ரூபாய் கூடுதல் வருமானம். 20% வரியும் அதன் மேல் 4% செஸ்ஸும் சேர்ந்து 49,920 ரூபாய். வங்கி 7,200 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருக்கும். மீதி 42,720 ரூபாயை அவர்தான் கட்ட வேண்டும். ஜூனில் 6,408, செப்டம்பரில் 12,816, டிசம்பரில் மறுபடி 12,816, மார்ச்சில் 10,680.

எதையும் கட்டாமல் அடுத்த ஜூலையில் ரிட்டர்னோடு சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? நான்கு தவணைகளும் தவறியதற்கு வட்டி 2,155 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் 1% வீதம் இன்னொரு 1,708 ரூபாய். மொத்தம் 3,863 ரூபாய் வீணாகப் போகும்.

பெரும்பாலோர் செல்போனில் 15-ஆம் தேதிக்கு ஒரே ஒரு அலாரம் வைக்கிறார்கள். அது அடிக்கும்போது வட்டி எவ்வளவு என்று தெரியாது, கணக்கில் போதிய பணம் இருக்காது, இணையதளமும் நெரிசலில் திணறும். ஒவ்வொரு தவணைக்கும் வேலைக்கு ஒன்றாக மூன்று நினைவூட்டல் வையுங்கள்.

முதலாவது, அந்த மாதம் 1-ஆம் தேதி: "கணக்கிடு." ஜூனில் ஆண்டு தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தையும் டெபாசிட் ரசீதுகளையும் வைத்து ஆண்டு முழுமைக்கும் மதிப்பிடலாம். டிசம்பரில் உண்மையான தொகையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இடையில் வீடு காலியாகியிருந்தால் மீதித் தவணைகள் குறையும்.

இரண்டாவது, 10-ஆம் தேதி: "கட்டு." incometax.gov.in தளத்தில் e-Pay Tax பகுதிக்குள் சென்று, Advance Tax என்பதைத் தேர்ந்தெடுத்துக் கட்டலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆண்டை மாற்றித் தேர்ந்தெடுத்தால் கட்டிய பணம் வேறு ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். சலான் ரசீதைப் பதிவிறக்கி வையுங்கள்.

மூன்றாவது, 22-ஆம் தேதி: "சரிபார்." கட்டிய தொகை 26AS பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ரசீதில் உள்ள ஆண்டையும் வரி வகையையும் முதலில் பாருங்கள்.

மார்ச்சுக்கு மட்டும் 28-ஆம் தேதி இன்னொரு மணி அடிக்கட்டும். மார்ச் 31 வரை கட்டுவதும் முன்கூட்டிய வரியாகவே கருதப்படும். அதற்குள் 90 சதவீதத்தை எட்டிவிட்டால் ஏப்ரல் முதல் ஓடும் வட்டி இருக்காது.

ரிட்டர்னுக்கு அவசரமாக ஏப்ரலில் உட்கார வேண்டாம். வங்கி பிடித்த டிடிஎஸ் விவரம் மே கடைசி வரை பதிவாகிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் ஃபார்ம் 16 ஜூன் மத்தியில்தான் கைக்கு வரும். எனவே ஜூன் 20-ல் "ஆவணங்களை ஒப்பிடு", ஜூலை 10-ல் "தாக்கல் செய்" என்று வைப்பதே பொருத்தம். சம்பளம், வாடகை, வட்டி மட்டும் உள்ளவருக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் உண்டு. தாக்கல் செய்ததும் வேலை முடிந்துவிடாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமாகவோ வேறு வழியிலோ மின் சரிபார்ப்பு செய்ய வேண்டும். அதற்கும் ஒரு நினைவூட்டல் தேவை.

தனியாகத் தொழில் செய்து சம்பாதிப்பவருக்குப் படிவமும் கடைசித் தேதியும் மாறலாம். அனுமான வருமான முறையைத் தேர்ந்தெடுப்பவர் அந்தத் தொழிலுக்கான முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம்.

நான்கு தவணையும் தொல்லை என்று நினைத்தால் இன்னொரு வழி இருக்கிறது. வாடகையையும் வட்டியையும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். அவர்கள் அதற்கான வரியையும் சேர்த்துச் சம்பளத்தில் பிடித்துவிட்டால், நீங்கள் தனியாகக் கட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. அதற்கான நினைவூட்டலை ஏப்ரல் முதல் வாரத்தில் வையுங்கள்.